என்ன எடுக்கிறீர்கள், எதற்கு எடுக்கிறீர்கள்: எங்கள் பின்னலாடை நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

சென்ற மாதம் முதல் திங்கட்கிழமை, ஷிஃப்ட் பெல் அடிப்பதற்கு முன்பே டைம் ஆபீஸ் மேஜையில் ஒரு பெரிய கட்டு இருந்தது. பணியாளர்களின் சொந்த விவரங்களை நிறுவனம் என்னென்ன சேகரிக்கிறது, எதற்குப் பயன்படுத்துகிறது என்று விளக்கும் தனியுரிமை அறிவிப்பு. ஆளுக்கு ஏழு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஏழாம் பக்கத்தின் அடியில், மேலே உள்ளதைப் படித்துப் புரிந்துகொண்டு முழு மனதுடன் சம்மதிக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துக்குக் கோடு, பக்கத்திலேயே பெருவிரல் ரேகைக்கு ஒரு கட்டம். பத்து நாளைக்குள் 340 பேரிடமும் வாங்கி ஒப்படைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

பதினோரு வருடமாக இந்த டைம் ஆபீசில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரின் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் நகலும் என் கை வழியாகத்தான் ஃபைலுக்குப் போகின்றன. ரேகை மெஷினில் அவர்கள் விரலை வைத்துப் பதிவு செய்வதும் நான்தான். அதனால் இந்த அறிவிப்பில் எழுதியிருப்பது என்ன, நடப்பது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிற ஆள் நான். பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் நாள் செக்கிங் பிரிவுக்குப் போனேன். அங்கே இருக்கிற அக்கா ஒருவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "போடலைன்னா சம்பளத்த நிறுத்திப் போடுவாங்களாங்க?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அறிவிப்பில் அதற்குப் பதில் இல்லை. அவர் ஒரு நொடி யோசித்தார், இங்க் பேடில் விரலை அமுக்கி ரேகை வைத்துவிட்டு பீஸை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நிற்க நேரமில்லை, அவர் முன்னால் பீஸ் குவிந்துகொண்டிருந்தது.

ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசா பெண்களிடம் போனபோது இதைவிட மோசம். அவர்களில் ஒருத்திக்குத்தான் கொஞ்சம் தமிழ் தெரியும். அவள் மற்றவர்களிடம் என்ன சொன்னாளோ, எல்லோரும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். சம்பளச் சீட்டு என்று நினைத்துப் போட்டதாக அப்புறம் ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அந்தத் தாளில்தான் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று இருக்கிறது.

இந்த அறிவிப்பை ஏன் இப்போது கொண்டுவந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. அறிவிப்பு, ஒப்புதல் பற்றிய முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. முன்கூட்டியே தயாராகிறீர்கள், அது சரி. ஆனால் எந்தச் சட்டத்துக்காகத் தயாராகிறீர்களோ அந்தச் சட்டத்தைத்தான் இந்த ஏழு பக்கம் மீறுகிறது. இப்போது கையெழுத்தை வாங்கி வைத்துவிட்டால் பிறகு கவலையில்லை என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால் அதுவும் தவறு. சட்டம் நடைமுறைக்கு வருமுன் வாங்கிய ஒப்புதலாக இருந்தாலும், வந்தபின் கூடிய விரைவில் முறையான அறிவிப்பை மறுபடியும் கொடுத்தாக வேண்டும் என்று 5-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

அதே 5-ஆம் பிரிவுதான் மொழியைப் பற்றியும் பேசுகிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலுமோ படித்துக்கொள்ளும் வாய்ப்பை ஆளுக்குத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது, ஒடியாவும் இந்தியும் இருக்கின்றன. விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அறிவிப்பு வேறு எந்தக் காகிதத்தையும் துணைக்குத் தேடாமல் தனியாகப் படித்தாலே புரிய வேண்டும். எந்தெந்த விவரம் எடுக்கப்படுகிறது என்று ஒவ்வொன்றாக, எதற்காக என்பதோடு சேர்த்து எளிய மொழியில் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்த அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தில் ‘அடையாள விவரங்கள், தொடர்பு விவரங்கள், நிதி விவரங்கள், உயிரியளவு விவரங்கள், உடல்நல விவரங்கள், நிறுவனத்துக்குத் தேவைப்படக்கூடிய பிற விவரங்கள்’ என்று ஒரே வாக்கியம். நான்காம் பக்கத்தில் ‘சட்டப்பூர்வக் கடமைகள், நிர்வாகத் தேவைகள், வணிக நோக்கங்கள்’ என்று இன்னொரு வாக்கியம். எந்த விவரம் எந்த நோக்கத்துக்கு என்று இரண்டையும் இணைக்கிற ஒரு கோடு எங்கேயும் இல்லை. என் ரேகை வணிக நோக்கத்துக்கா? என் ரத்தப் பரிசோதனை நிர்வாகத் தேவைக்கா? எப்படிப் படித்தாலும் இரண்டுக்கும் இடம் கொடுக்கிற மாதிரி எழுதியிருக்கிறது.

அடுத்து, கையெழுத்து. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நிறுவனம் எடுக்கிற எல்லா விவரத்துக்கும் எங்கள் சம்மதம் தேவையில்லை. பிஎஃப் கணக்குக்கு யுஏஎன் எண்ணோடு ஆதாரை இணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாதச் சலானே போகாது. இஎஸ்ஐ பதிவுக்குக் குடும்பத்தாரின் பெயரும் பிறந்த தேதியும் உறவும் வேண்டும், அவர்களுக்கும் சிகிச்சை கிடைப்பதற்காக. சம்பளம் போட வங்கிக் கணக்கு எண் வேண்டும். இவற்றுக்கெல்லாம் நான் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது, எடுத்தே ஆக வேண்டும். சட்டத்தின் 7-ஆம் பிரிவு வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஒப்புதல் இல்லாமலே விவரங்களைக் கையாள உங்களுக்கு இடம் தருகிறது. வணிக ரகசியம் வெளியே போகாமல் காப்பது, பணியாளர் கேட்கிற சலுகையைக் கொடுப்பது போன்றவற்றையும் அங்கே சொல்லியிருக்கிறது. இந்த வகை விவரங்களுக்குக் கையெழுத்தே கேட்க வேண்டாம். ‘இது எங்களுக்கு வேண்டும், காரணம் இது’ என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல இந்தப் பிரிவு உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் சொல்லுங்கள். எங்கள் விவரம் அது.

ஒப்புதல் என்று கேட்டால் கதையே வேறு. ஒப்புதல் சுதந்திரமாகத் தரப்பட வேண்டும், குறிப்பிட்ட ஒரு விஷயத்துக்காக இருக்க வேண்டும், நிபந்தனை இருக்கக் கூடாது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. எவ்வளவு எளிதாகக் கொடுத்தோமோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் இரண்டு வகையையும் ஒரே தாளில் போட்டு, ஒரே கையெழுத்தைக் கேட்கிறீர்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் சம்பளம் வராதோ என்ற பயம் எங்களுக்கு. அந்தப் பயத்தின் மறைவில், மறுத்திருக்கக்கூடிய விஷயங்களும் உள்ளே போய்விடுகின்றன.

அப்படி உள்ளே போன ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் போய்வரும் தரக்கட்டுப்பாட்டு ஆட்களின் சொந்த ஃபோனில் வருகைப் பதிவு ஆப் ஒன்றைப் போடச் சொன்னீர்கள். ஒரு நாளில் சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி என்று மூன்று நான்கு இடத்துக்குப் போகிறவர்கள் அவர்கள். போனார்களா, எத்தனை மணிக்குப் போனார்கள் என்று தெரிய வேண்டியது நியாயம். பெட்ரோல் பில் போடவும் அது உதவும். இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஆப்பைப் போடும்போது இருப்பிட அனுமதியில் `Allow only while using the app` என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது மேலே நகரவே இல்லை. `Allow all the time` என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே விடுகிறது. ஃபோனில் உள்ள எண்களின் பட்டியலைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. இருபத்திரண்டு பேருக்கு நான்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று அவர்கள் கேட்டபோது, கம்பெனி ஆப்தானே என்றேன். அந்தப் பதிலுக்காக இப்போது வருந்துகிறேன்.

மூன்று மாதம் கழித்து, அந்தக் குழுவில் உள்ள ஒரு பெண்ணை அவருடைய மேலாளர் அழைத்து, "ரெண்டு ஞாயித்துக்கிழமையா கோயம்புத்தூர்ல அந்த ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா போற, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டிருக்கிறார். அக்கறையாகத்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது குழந்தைப்பேறு சிகிச்சைக்கான மருத்துவமனை. அவர் வீட்டில் மாமியாருக்கே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. ஆனால் மாத முடிவில் மேலாளருக்குப் போகும் அறிக்கையில் முப்பது நாளும், இருபத்து நான்கு மணி நேரமும், ஆள் நின்ற இடமெல்லாம் வரைபடத்தில் புள்ளியாக இருக்கிறது. அந்தப் பெண் டைம் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே அழுதுகொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, நீங்கதான போட்டுக் குடுத்தீங்க, இது லீவுல வேலை செய்யாதுன்னு நெனச்சேனே?"

வேலை நேரத்தில் எந்த யூனிட்டில் இருக்கிறார் என்பது ‘வேலை தொடர்பான நோக்கம்’. ஞாயிறு எங்கே போனார் என்பது எந்த அர்த்தத்திலும் அது ஆகாது. தொடர்பு எண்கள் பட்டியலைப் பற்றிச் சட்டமே கிட்டத்தட்ட இதே உதாரணத்தைத் தருகிறது. தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை தரும் ஓர் ஆப், ஆலோசனைக்கான விவரங்களோடு ஃபோனில் உள்ள எண்களின் பட்டியலையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார். எண்களின் பட்டியல் மருத்துவ ஆலோசனைக்குத் தேவையில்லாதது என்பதால், அவர் கொடுத்த சம்மதம் ஆலோசனைக்கு மட்டுமே செல்லும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஆள் சம்மதித்திருந்தாலும் தேவைக்கு மேல் எடுத்தது செல்லாது. உங்கள் ஏழு பக்க அறிவிப்பில் இந்த ஆப்பின் பெயரே இல்லை. ‘சாதன விவரங்கள்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அறிக்கைகள் எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன, எவ்வளவு நாள் இருக்கும், யார் யார் திறந்து பார்க்கலாம் என்று ஒரு வரியும் இல்லை.

அப்புறம் கைரேகை. நுழைவாயிலில் இருக்கிற மெஷின் விரலின் புகைப்படத்தை வைத்துக்கொள்வதில்லை, கோடுகள் பிரிகிற, முடிகிற புள்ளிகளைக் கணக்காக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது என்று அதைப் பொருத்த வந்தவர் சொன்னார். அப்படித்தான் பெரும்பாலான மெஷின்கள் வேலை செய்கின்றன என்று நானும் அறிந்துகொண்டேன். நல்லது. ஆனால் அந்த மெஷின் இரண்டு வருடத்துக்கு முன் பழுதானபோது சர்வீஸ்காரர் சுவரிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். உள்ளே இருந்த பதிவுகளை அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் அன்று தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்து வேறு ஒரு மெஷின் வந்தது. பழையது எங்கே போனது? அதற்கு இன்றைக்கும் எங்கள் ரெஜிஸ்டரில் பதிலில்லை. ஏடிஎம் பின் நம்பர் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேகை இல்லாமல் வருகைப் பதிவு நடக்காது என்று சொல்வீர்களானால், நம் கம்பெனியிலேயே பதினெட்டுப் பேர் கார்டு தேய்த்துத்தான் உள்ளே வருகிறார்கள். ப்ளீச்சிங் பிரிவில் கெமிக்கலில் கை வைத்து விரல் நுனி தேய்ந்துபோனவர்கள். மெஷின் அவர்கள் விரலை எடுக்கவில்லை என்பதால் கார்டு கொடுத்தோம். நாலு வருடமாக அவர்கள் வருகையில் ஒரு தகராறும் வந்ததில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பஞ்ச் வைத்துவிடுவார் என்ற கவலை உங்களுக்கு இருக்கிறது, அது வீணான கவலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நுழைவாயிலில் ஏற்கெனவே கேமரா இருக்கிறது, செக்யூரிட்டி இருக்கிறார். கார்டு போதும் என்று விரும்புகிறவருக்குக் கார்டு கொடுக்க முடியும் என்பதற்கு அந்தப் பதினெட்டுப் பேரே சாட்சி.

மெஷினை விட எனக்கு அதிகப் பயம் தருவது காகிதம். இந்த அறிவிப்பில் ரேகை வைத்தவர்களின் தாளை அவரவர் ஃபைலில் சேர்க்கச் சொன்னீர்கள். சேர்த்தேன். அப்போது ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தேன். முதல் தாள் ஆதார் நகல், பன்னிரண்டு இலக்கமும் முழுசாக. அடுத்தது வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். அதன் மேல் இந்தப் புதிய தாள், அடியில் தெளிவான நீல மையில் வலது பெருவிரல் ரேகை. மூன்றையும் ஒரே குண்டூசியில் குத்தியது நான்தான். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை, இந்த மூன்றும் இருந்தால் கிராமத்தில் வங்கி முகவரின் கருவியில் பணம் எடுக்கலாம். ஏடிஎம் கார்டு வேண்டாம், ஓடிபியும் வராது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை ரப்பரில் வார்த்து இப்படிப் பணம் எடுத்ததாக நம் நாட்டில் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம், ஏனென்றால் ரேகை வைக்கிறவர்கள் அவர்கள்தான்.

அந்த ஃபைல்கள் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் இரும்பு ரேக்கில் இருக்கின்றன. ரேக்குக்குப் பூட்டு இல்லை. வேலையை விட்டுப் போனவர்களின் ஃபைல்கள் கீழ்த் தட்டில் சாக்கில் கட்டியிருக்கின்றன. அதில் பழையது 2009-ஆம் ஆண்டுக் கட்டு. காகிதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாதே என்று கேட்கலாம். காகிதத்தில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றினால் பொருந்தும். இந்தத் தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து பகிர்வுக் கோப்புறையில் போடும் வேலையும் எனக்கு வந்திருக்கிறது. அந்தக் கோப்புறையின் கடவுச்சொல் அலுவலகத்தில் யாருக்குத்தான் தெரியாது?

குடும்ப விவரப் படிவத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இஎஸ்ஐக்கு என்று வாங்குகிற அந்தப் படிவத்தில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இஎஸ்ஐக்கு அது தேவையில்லை. யார் எப்போது சேர்த்தார்கள் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்துக்குச் சட்டம் இன்னும் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

உங்கள் மேல் குறை சொல்லிவிட்டு எப்படி எழுதுவது என்று காட்டாமல் விட்டால் நியாயமாக இருக்காது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, செக்கிங் அக்காவிடம் வாசித்துக் காட்டினால் புரிகிற மாதிரி நானே எழுதிப் பார்த்தேன். கைரேகைக்கு இப்படி வந்தது:

‘உங்கள் இரண்டு விரல்களின் ரேகையை மெஷினில் பதிவு செய்கிறோம். நீங்கள் வேலைக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறிக்க மட்டும் இது பயன்படும், வேறு எதற்கும் பயன்படாது. டைம் ஆபீசில் உள்ளவரும் மெஷின் சர்வீஸ் நிறுவனமும் மட்டும் இதைக் கையாள்வார்கள். வேலையை விட்ட பதினைந்து நாளில் அழித்துவிடுவோம், அழித்த தேதியை உங்களுக்குச் சொல்வோம். ரேகை தர விருப்பமில்லை என்றால் கார்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதனால் சம்பளத்திலோ வேலையிலோ எந்த மாற்றமும் வராது.’

ஆதாருக்கு இப்படி:

‘உங்கள் ஆதார் எண்ணை பிஎஃப் பதிவுக்காக வாங்குகிறோம். இது கட்டாயம், இதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. பதிவு முடிந்ததும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற நகலை ஃபைலில் வைத்துக்கொண்டு, முழு எண் உள்ள நகலை உங்களிடமே திருப்பித் தருவோம்.’

ஆப்புக்கு எழுதும்போதுதான் பேனா நின்றது. ‘உங்கள் இருப்பிடத்தை இருபத்து நான்கு மணி நேரமும் பதிவு செய்கிறோம். இதற்குக் காரணம்’ என்று தொடங்கி அதற்கு மேல் எழுத வரவில்லை. எழுத ஒரு காரணமும் இல்லை. எடுப்பதையும் காரணத்தையும் ஒரே வரியில் எழுதச் சொல்கிற விதி எதற்கு என்று அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. காரணம் எழுத முடியாத விவரத்தை எடுக்கக் கூடாது. இவ்வளவையும் எழுத எனக்கு ஒரு பக்கம்தான் ஆனது.

என் கோரிக்கைகளை இனி நேராகச் சொல்கிறேன்.

இந்த ஏழு பக்க அறிவிப்பையும் அதில் வாங்கிய 299 கையெழுத்துகளையும் ரத்து செய்ததாக எழுத்தில் அறிவியுங்கள். ரேகை வைத்த தாள்களை ஸ்கேன் செய்ய வேண்டாம். அவற்றை வைத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் கண் முன்னால் கிழித்துப் போடட்டும்.

புதிய அறிவிப்பைத் தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் கொடுங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் எதற்கு, யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் என்ற மூன்றும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக லைன் வாரியாக, வேலை நேரத்திலேயே, பீஸ் ரேட் ஆட்களுக்குக் கூலி குறையாமல் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். சட்டப்படி வாங்கியே ஆக வேண்டியவை ஒரு தாளிலும், மறுக்கக்கூடியவை இன்னொரு தாளிலும் இருக்கட்டும். மறுத்தால் வேலைக்கோ சம்பளத்துக்கோ பாதிப்பில்லை என்ற வரி இரண்டாவது தாளின் மேலே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

வருகை ஆப்பை வேலை நேரத்துக்கு வெளியே தானாக நிற்கும்படி மாற்றச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்தால் முடியாது என்றால் ஆப்பை எடுத்துவிட்டு, யூனிட்டில் போய் நின்று பட்டனை அமுக்கினால் அந்த நொடியின் இடத்தை மட்டும் குறிக்கிற வேறொன்றைப் போடுங்கள். எண்களின் பட்டியலுக்கான அனுமதியை இந்த வாரமே நீக்குங்கள், சர்வரில் ஏற்கெனவே ஏறியிருப்பதை அழித்ததற்கு எழுத்துச் சான்று வாங்குங்கள். விடுமுறை நாட்களின் இருப்பிடப் பதிவுகள் உள்ள பழைய அறிக்கைகளை மேலாளர்களின் மின்னஞ்சலில் இருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் அவருடைய மேலாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம், தனியாக. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை, நீங்களும் விசாரணை என்று சொல்லி நாலு பேரைக் கேட்டு அவர் பெயரை வெளியே கொண்டுவந்துவிடாதீர்கள்.

கார்டு கேட்கிற எல்லோருக்கும் கார்டு கொடுங்கள். பழைய ரேகை மெஷின் எங்கே போனது என்று சர்வீஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் விவரத்தை வேறு நிறுவனத்திடம் கையாளக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. ஃபைல் ரேக்குக்குப் பூட்டுப் போடுங்கள், சாவி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும், யார் எப்போது திறந்தார்கள் என்று ஒரு நோட்டு வையுங்கள். சாக்கில் கட்டியிருக்கிற பழைய ஃபைல்களில் பிஎஃப், கிராஜுவிட்டி கணக்குக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை அழிக்க ஒரு தேதி குறியுங்கள். அந்த வேலையை நானே உட்கார்ந்து செய்து தருகிறேன், எந்தத் தாள் எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறீர்கள், யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு பணியாளர் கேட்டால் பதில் சொல்ல ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள். அவருடைய ஃபோன் எண்ணைக் கேன்டீன் சுவரில் ஒட்டுங்கள். அவர் சொல்கிற பதில் திருப்தி இல்லையென்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் புகார் செய்வது எப்படி என்பதையும் அதே இடத்தில் எழுதி வையுங்கள். அதைச் சொல்லாமல் விட்ட அறிவிப்பு சட்டத்தின் கண்ணில் அறிவிப்பே இல்லை.

இந்த மாதம் சம்பளத் தேதிக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். கையெழுத்து வாங்காத 41 படிவங்கள் என் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. உங்கள் பதில் வருகிற வரை நான் அவற்றை யாரிடமும் நீட்டப் போவதில்லை.

இப்படிக்கு,
டைம் ஆபீஸ் பணியாளர் ஒருவர்